முதலில் ஏறிய காப்பு

கொடகவெல பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியில் இருக்கும் ஸ்டூடியோவில் படம் பிடிப்பவர் நஜீப் நானா. அதைப் படமாக்குவது நான். இதை அவர் முன்னாலேயே சொல்வேன். சிரிப்பாரே தவிர மறுக்கமாட்டார். மழையில் நனைந்து வந்த மாப்பிள்ளைகளை உலர்த்தியிருக்கிறேன். கண் மூடிக்கொண்ட மாமியார்களுக்குக் கண் திறந்துவிட்டிருக்கிறேன். லயத்து வீட்டு வாசலில் நின்ற ஜோடியை, அவர்களே கெஞ்சிக் கேட்டதால், பனிமலைக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறேன். விஜயகலா கை வைத்த ஆல்பம் என்றால் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு மரியாதை உண்டு. தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜீவராணி அக்கா வந்த அன்று எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. மேல்தோட்டத்தில் தேயிலைக் கொழுந்தெடுக்கிறவர். மகள் சசி பெரிய பிள்ளையான சடங்கை நஜீப் நானாதான் எடுத்திருந்தார். ஆல்பம் என் மேசையில் பாதி முடிந்து கிடந்தது. அக்கா தன் போனை நீட்டினார். சடங்குப் படத்தில் சசியின் வலது கையில் புதிதாக ஒரு காப்பு. வீட்டுக்காரர் தினேஷ் ஏதோ போன் ஆப்பில் சொல்லிப் போட வைத்தாராம். காப்பு பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் அது இவர்கள் காப்பில்லை. வேலைப்பாடு வேறு. போதாததற்குப் பிள்ளையின் சுண்டுவிரல் பாதி காணாமல் போயிருந்தது.

"இதுக்கு என்கிட்ட ஏன் வந்தீங்க? விரலத் தேடவா?" என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்துத் திறந்தார். பட்டையான தங்கக் காப்பு, சுற்றிலும் இலை செதுக்கியது. பூட்டு கிடையாது, கையைக் குவித்து விரல் வழியாக ஏற்ற வேண்டிய முழு வட்டம். தோஹாவில் வேலை செய்யும் தம்பி காளிதாஸ் மருமகளுக்கு வாங்கி அனுப்பிய மாமன் சீர். கொண்டுவர வேண்டிய கூட்டாளியின் பயணம் தள்ளிப்போனதால் சடங்கு முடிந்த பிறகுதான் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

எங்கள் பக்கத்தில் சடங்குக்கு உட்காரும் பிள்ளையின் கையில் முதல் நகை தாய்மாமன் போட்டதாக இருக்கவேண்டும். மற்றவர்களுடைய சீரெல்லாம் அதற்குப் பிறகு. அன்றைக்கு மாமனும் இல்லை, மாமன் காப்பும் இல்லை. நல்ல நேரம் கழிந்துகொண்டிருந்ததால், தினேஷின் அக்கா இராஜம் தான் கொண்டுவந்த உருண்டைக் காப்பைப் போட்டுவிட்டார். ஜீவராணி அக்காவே போடச் சொன்னதுதான். ஆனால் படத்தைப் பார்த்த காளிதாஸுக்கு நெஞ்சில் முள் குத்திவிட்டது. ஆல்பத்திலாவது தன் காப்பு இருக்கவேண்டும், இல்லையென்றால் தனக்கும் அந்த வீட்டுக்கும் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு, பேசுவதை நிறுத்தியிருந்தார்.

"அம்மா அப்பா போயிட்டாங்க, தங்கச்சி. எனக்குப் பொறந்த வீடுன்னு இருக்கிறது அவன் ஒருத்தன்தான்," என்றார் அக்கா. அழவில்லை. அழாமல் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

முடியும் என்றேன். என்னால் முடியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

படத்தில் சசி பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். இடது கை மாலைக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. வலது முன்கை நாற்காலிக் கையின் மேல் நம்மை நோக்கி நீண்டிருக்கிறது. மணிக்கட்டுக்குச் சற்று மேலே இராஜத்தின் உருண்டைக் காப்பு. இப்படிக் கேமராவைப் பார்த்து நீளும் கையில் ஒரு வட்டம் வட்டமாகத் தெரியாது. நசுங்கிய முட்டை வடிவமாகத் தெரியும். எவ்வளவு நசுங்க வேண்டும் என்பதைக் கை திரும்பியிருக்கும் கோணம் சொல்லும். காப்பை நேராக வைத்துப் படம் எடுத்து ஒட்டினால், கையில் ஒட்டிய முத்திரை மாதிரி இருக்கும். டவுனில் பல ஆல்பங்களில் அந்த முத்திரையைப் பார்க்கலாம். யார் செய்தது என்று சொல்லமாட்டேன்.

அதனால் காப்பை அதே கோணத்தில் புதிதாகப் படமெடுத்தேன். பழைய காலண்டரைச் சுருட்டித் துணி சுற்றி, மணிக்கட்டு போல் சற்றுத் தட்டையாக அமுக்கி, அதில் காப்பை ஏற்றினேன். நஜீப் நானா சடங்கன்று வைத்த அதே லென்ஸ், அதே தூரம், இடது பக்க உயரத்தில் அதே குடை விளக்கு. போனில் எடுத்திருந்தால் கிட்டத்தில் இருப்பது வீங்கி, தூரத்தில் இருப்பது சுருங்கி, இரண்டு படமும் ஒன்றோடொன்று சண்டை போட்டிருக்கும்.

பிறகு ஒட்டும் வேலை. காப்பின் முன்பாதி கையின் மேலே தெரியவேண்டும், பின்பாதி கைக்கு அடியில் ஒளியவேண்டும். ஒளியும் இடத்தில் கத்தரித்த மாதிரி நின்றுவிடக் கூடாது. ஓரத்தில் மெலிந்து, வளைந்து, உள்ளே போகவேண்டும். கடைசியில் நிழல். தங்கம் தோலில் படுகிற இடத்தில் மயிரிழையாய் ஒரு கருங்கோடு. விளக்குக்கு எதிர்ப்பக்கம், காப்பு தோலைவிட்டு எழும்புகிற இடத்தில் அது அகலமாகி, மங்கி, கரைந்துவிடவேண்டும். எல்லாம் முடிந்ததும், தங்கத்தில் புடவையின் சிவப்பு துளி ஏறவேண்டும், தோலில் தங்கத்தின் மஞ்சள் துளி இறங்கவேண்டும்.

காப்பை எங்கே வைப்பது என்று நான் யோசிக்கவே இல்லை. இராஜத்தின் காப்புக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. அங்கேதான் வெளிச்சமும் அழகாக விழுந்தது. பார்க்கிறவர் கண் முதலில் போகிற இடம். மாமனுக்கு இதைவிட என்ன மரியாதை என்று அங்கே வைத்தேன். நஜீப் நானா மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, நான் எடுக்கும்போதே இது இருந்ததோ என்று கேட்டார். எனக்கு அது போதும்.

ஜீவராணி அக்கா படத்தைத் தோஹாவுக்கு அனுப்பினார். பதில் குரலாக வந்தது. அக்கா ஸ்டூடியோவிலேயே அதைப் போட்டுக் காட்டினார்.

"வேல நல்லாத்தான் இருக்கு. ஆனா அக்கா, கையில மொதல்ல ஏறினதுதான் மேல போகும். கடைசியா போட்டது உள்ளங்கைப் பக்கம் நிக்கும். படத்தப் பாக்குறவங்க எல்லாரும் என்ன சொல்லுவாங்க? இராஜம் அக்கா போட்ட பொறகு, மாமன்காரன் மிச்சமிருந்த எடத்துல போட்டான்னு சொல்லுவாங்க. போடுறதுன்னா முறையா போடுங்க. இல்லாட்டி எடுத்துருங்க."

எனக்குச் சுருக்கென்றது. கோணம் பார்த்தேன், நிழல் பார்த்தேன், சிவப்பு மஞ்சள் எல்லாம் பார்த்தேன். காப்பு என்பது விரல் வழியாக வரிசையில் ஏறுகிற பொருள் என்பதைப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டிலும் சடங்கு நடந்திருக்கிறது. என் கையிலும் மாமன் வளையல்தான் மேலே இருந்தது. சபையில் இருக்கும் பெண்கள் அதைப் பார்த்துத்தான் யார் முந்தி யார் பிந்தி என்று கணக்குப் போடுவார்கள். மறந்துபோனேன். என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது, ஆனால் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

இரண்டு காப்பையும் படத்தில் இடம் மாற்றினால் சரியாகிவிடாது. மாமன் காப்பு மேலே போனால் கை அங்கே தடிமன். காப்பின் சுற்றளவோ மாறாதது. எதுவரை ஏறும், எங்கே இறுகும் என்று எனக்குத் தெரியவேண்டும். இராஜத்தின் தடித்த காப்பு அதன்மேல் சாயும். தன் நிழலை இலைகளுக்குள் விடும். ஒரு தங்கம் இன்னொன்றில் தெரியும். இதையெல்லாம் காலண்டர் சொல்லாது. சசியின் கையே வேண்டும், இரண்டு காப்பும் அந்த வரிசையில் வேண்டும். அப்படியென்றால் இராஜத்தின் காப்பைக் கழற்றியாகவேண்டும்.

ஜீவராணி அக்கா அதைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டார். நாத்தனாரிடம் போய், உங்கள் காப்பைக் கழற்றி இரண்டாவதாகப் போடுங்கள் என்று எந்த வாயால் சொல்வது என்றார். தம்பியைக் காப்பாற்றப் போய் புருஷன் வீட்டைக் கெடுத்துக்கொள்வதா என்றார். கேட்காமலே, சசியை மட்டும் கூட்டிவந்து எடுத்துவிடலாமா என்றும் பார்த்தார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆல்பத்தை இராஜம் அக்காவும் பார்க்கத்தானே போகிறார். அவரிடம் நானே பேசுகிறேன் என்றேன்.

இராஜம் அக்காவுக்குச் சந்தையில் வெற்றிலைக் கடை. நான் போனபோது ஒரு ஆளிடம் சிங்களத்தில் சளசளவென்று பேரம் பேசிக்கொண்டிருந்தார், ஜெயித்தும்விட்டார். நான் சுற்றி வளைக்கவில்லை. காளிதாஸ் கேட்டதையும், அதற்கு நான் என்ன செய்யவேண்டும் என்பதையும் அப்படியே சொன்னேன். அவர் வெற்றிலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே கேட்டார். அவருடைய காப்பு எங்கே போகும் என்று மட்டும் கேட்டார். உள்ளங்கைப் பக்கம், இரண்டாவதாக என்றேன். இன்னொரு தரம் தண்ணீர் தெளித்தார். நாளைக்குப் பிள்ளையைக் கூட்டிவருவதாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். கோபமா, இல்லையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் மூன்று பேரும் வந்தார்கள். ஜீவராணி அக்கா மூலையில் ஒதுங்கி நின்றார். இராஜம் அக்கா நேராக என் திரைக்கு முன்னால் வந்து, முதலில் செய்த படத்தைக் காட்டச் சொன்னார். ஒரு காப்புக்கு இத்தனை நாளா என்று கேட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. காப்பின் நிழலை மட்டும் மறைத்துக் காட்டினேன். காப்பு கையைவிட்டு எழும்பி, சும்மா மிதந்தது. நிழலைத் திரும்பக் கொண்டுவந்தேன். உட்கார்ந்துகொண்டது.

"அப்ப நெழல்தான் காப்பக் கையில போடுது," என்றார். இவ்வளவு வருடத்தில் என் வேலையை யாரும் இத்தனை சுருக்கமாகச் சொன்னதில்லை.

நஜீப் நானா நாற்காலியையும் குடை விளக்கையும் அன்றைக்கு இருந்த மாதிரியே வைத்தார். கேமராவுக்குப் பின்னால் நான் நின்றேன். இராஜம் அக்கா சசியின் கையில் சவர்க்காரம் தடவித் தன் காப்பைக் கழற்றினார். பெட்டியைத் திறந்து மாமன் காப்பை எடுக்க ஜீவராணி அக்கா கை நீட்டினார்.

"நீ போடக்கூடாது ஜீவராணி. தாய் போடுற முறையில்ல," என்றார் இராஜம் அக்கா. "அவன் இல்லாதப்ப அவன் எடத்துல யாராவது நிக்கணும்ல."

கையைக் கழுவித் துடைத்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். ஸ்டூடியோவில் யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. சசியின் விரல்களைக் குவித்து, இலைக் காப்பை மெதுவாக ஏற்றி, போகிற மட்டும் மேலே தள்ளினார். "இது ஒங்க மாமா போடுறது," என்றார். பிறகு தன் காப்பை எடுத்து, "இது அத்த போடுறது," என்று அதன் கீழே போட்டார். சசி என்ன செய்வதென்று தெரியாமல் அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளிச்சம் பார்ப்பதற்காக நான் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தேன். அதில் ஒரு படத்தில், சசியின் மணிக்கட்டை இராஜம் அக்காவின் இடது கை தாங்கியிருக்கிறது. வலது கை மாமன் காப்பை ஏற்றிக்கொண்டிருக்கிறது. வெற்றிலைக் காம்பு கிள்ளிக் கிள்ளிக் கறுத்துப்போன நகங்கள். அதைத் திரையில் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் சட்டென்று கலங்குகிற ஆள் இல்லை.

வேலை நான் நினைத்ததைவிட நன்றாக வந்தது. மாமன் காப்பு மேலே போனதும் சற்று இறுகி, தோலில் லேசாக ஒரு மடிப்பு விழுந்தது. அதை அப்படியே வைத்தேன். உருண்டைக் காப்பின் நிழல் இலைகளின் மேல் வளைந்து விழுந்தது. அத்தையின் கை நிழலும் ஓர் ஓரத்தில் விழுந்திருந்தது. சடங்குப் படத்தில் அந்தக் கை இல்லை என்பதால் அதை மட்டும் துடைத்தேன். இரண்டு நாள் வேலை. இது ஒட்டியது என்று சொல்பவருக்கு என் நாற்காலியைக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுவேன்.

படத்தைப் பார்த்து காளிதாஸ், இப்போதுதான் சரி என்று ஒரே வரி எழுதினார். ஜீவராணி அக்கா பெருமூச்சு விட்டார். அச்சுக்குக் கொடுத்துவிடலாம் என்றார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு பொம்பளை செருப்பைக் கழற்றிவிட்டு நின்று செய்த காரியத்துக்கு, இப்போதுதான் சரி என்று ஒரு வரியா. அந்தக் கையின் நிழலைத் துடைத்தவள் நான் என்பதால் இன்னும் உறுத்தியது. இராஜம் அக்கா காப்பு போடுகிற அந்தப் படத்தையும் தம்பிக்கு அனுப்புங்கள் என்றேன். அக்கா தயங்கினார். ஆறிய புண்ணைக் கிளறுவானேன் என்றார். நான் விடவில்லை. அனுப்பினார்.

அவர் பார்த்துவிட்டார் என்று போன் காட்டியது. பதில் வரவில்லை. அன்று மாலையும் இல்லை, மறுநாளும் இல்லை. ஜீவராணி அக்கா கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. மலையிலிருந்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எனக்கு போன் செய்து, நல்லா இருந்ததைக் கெடுத்துவிட்டாய் தங்கச்சி என்றார். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவர் திட்டவில்லை. எனக்கு அன்றைக்கு வேறெந்த வேலையும் ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை கடை மூடிவிட்டு இராஜம் அக்கா மாடி ஏறி வந்தார். பின்னால் ஜீவராணி அக்காவும் பள்ளிக்கூட உடுப்போடு சசியும். ஜீவராணி அக்காவின் கண் சிவந்திருந்தது, ஆனால் முகம் தெளிந்திருந்தது. காளிதாஸ் அன்று லீவு. அக்காவைக் கூப்பிடாமல் முதலில் இராஜம் அக்காவைக் கூப்பிட்டாராம்.  பிறகு மன்னிப்புக் கேட்டாராம். உங்கள் காப்பே மேலே இருக்கட்டும் என்று அவர் சொல்ல, அதெல்லாம் இல்லை, மாமன்தான் முதல் என்று இவர் சொல்ல, வெற்றிலை வாங்க வந்தவர்கள் வேடிக்கை பார்க்க இரண்டு பேரும் சண்டை போட்டிருக்கிறார்கள்.

"கடைசியில அவன் ஒண்ணு சொன்னான். அதுக்கப்பறம் நானும் சரின்னுட்டேன்," என்றார் இராஜம் அக்கா. "'நான் பிந்தினவன் அக்கா. பிந்தினவன் எடத்துலயே என் காப்பு இருக்கட்டும். புள்ள கைய வெறுங்கையா விடாம காத்தது நீங்க'ன்னான்."

பிறகு ஜீவராணி அக்காவையும் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். தை மாதம் லீவில் வருகிறாராம். நேராகத் தோட்டத்துக்குத்தான் வருவாராம்.

மாமன் காப்பு கீழே இருக்கும் படத்தை முதலிலேயே செய்து வைத்திருந்தேன், அதை எடுத்துக் கொடுத்துவிட்டு நான் சும்மா இருந்திருக்கலாம். திறந்து பார்த்தேன். நஜீப் நானா ஏமாந்த படம்தான். ஆனால் உண்மைக் கையை இரண்டு நாள் உற்றுப் பார்த்த பிறகு, காலண்டர் காலண்டராகத் தெரிந்தது. காப்பு மணிக்கட்டு எலும்பில் இடிக்காமல் வழுக்கிக்கொண்டு நின்றது. அதை அச்சுக்கு விட எனக்கு மனம் வரவில்லை. திரும்ப எடுக்கவேண்டும் என்றேன். நஜீப் நானா முணுமுணுத்துக்கொண்டே விளக்கைத் தூக்கினார்.

இந்தத் தடவை யார் போடுவது என்று இரண்டு அக்காக்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நீங்க போடுங்க மதினி என்றார் ஒருவர். மாமன் காப்பையும் நானேவா என்றார் மற்றவர். சசி சவர்க்காரத்தை எடுத்து, இரண்டு காப்பையும் தானே கழற்றி மடியில் வைத்தாள்.

"விடுங்க. நானே போட்டுக்கிறேன்," என்றாள். இத்தனை நாளில் அவள் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அத்தை காப்பை ஏற்றினாள். அதற்குக் கீழே மாமன் காப்பை ஏற்றினாள். கையை நாற்காலியில் நீட்டி, சரியா அக்கா என்று என்னைக் கேட்டாள்.

படம் எடுத்து முடிந்தும் இராஜம் அக்கா போகவில்லை. நான் ஒட்டுவதைப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். காப்பு வளைந்து கைக்குள் போனது. எலும்பில் உரசி நின்றது. நான் நிழல் போட ஆரம்பித்ததும் குனிந்து என் தோளில் கை வைத்தார்.

"அவன் காப்புக்கு நெழல நல்லா அழுத்திப் போடு புள்ள. லேசா இருந்தா, மாமன் வரவே இல்ல, படத்துல ஒட்டிட்டாங்கன்னு எவளாவது சொல்லுவா."

அழுத்திப் போட்டேன்.